உயிர் பிரிந்த நேரம் எது? உறுப்பு தான மேடையில் எழுந்த கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 3 அன்று மருத்துவமனைகளில் உடலுறுப்பு தான நாள் கொண்டாடப்படுகிறது. 1994-ஆம் ஆண்டு அதே நாளில், புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் தலைமையிலான குழுவினர் நம் நாட்டின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தனர். அதன் நினைவாக 2023 முதல் இந்தத் தேதி தேசிய அளவில் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளையொட்டித் திருச்சியில் ஒரு மருத்துவமனை முதியோருக்காகவே ஒரு கூட்டம் நடத்தியது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். நெற்றியில் திருநீறும் திருமண்ணும் துலங்க, காலைப் பூஜையை முடித்துக்கொண்டு வந்தவர்கள். நுழைவாயிலில் ஒரு மேசை மீது உறுதிமொழிப் படிவங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எவரும் அவற்றைத் தொடவில்லை.

பேச வந்தவர் அம்மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றும் அம்மையார். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தாரிடம் சென்று, “தானம் செய்ய விருப்பமுண்டா?” என்று கேட்கும் கடினமான பொறுப்பு இவருடையது. அவர் வணங்கிவிட்டு முதலில் சொன்னது இதுதான்: “இன்று யாரும் கையொப்பமிட வேண்டாம். படிவத்தை வாங்க நான் வரவில்லை. உங்கள் மனத்தில் உள்ள தயக்கங்களைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.”

அரங்கில் இருந்த இறுக்கம் அந்த ஒரு சொல்லிலேயே தளர்ந்தது. சிபிச் சக்கரவர்த்தியையும் ததீசி முனிவரையும் கண்ணப்ப நாயனாரையும் சொல்லி, “அவர்கள் கொடுத்தார்கள், நீங்களும் கொடுங்கள்” என்று முடிக்கும் உரைகளைக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் இந்த அம்மையார், “கண்ணப்பர் தம் கண்ணை அப்பியது இறைவனுக்கு. உயிரோடு இருக்கையிலேயே அன்பின் மிகுதியால் செய்தது. அதை மருத்துவமனைப் படிவத்துக்குச் சாட்சியாக இழுப்பது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. சாஸ்திரம் என்ன சொல்கிறது என்பதை உங்கள் ஆசாரியரிடம் கேளுங்கள். மருத்துவமனைக்குள் என்ன நடக்கிறது என்பதை என்னிடம் கேளுங்கள்” என்றார். அடக்கம் என்பதைவிட இதை நேர்மை என்று சொல்வதே பொருந்தும்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “அம்மா, என் சந்தேகம் சிறியது. மூளைச்சாவு என்கிறீர்கள், ஆனால் இதயம் துடிக்கிறது. அப்படியானால் ஆண்டுதோறும் திவசம் செய்ய என் மகன் எந்தத் திதியைக் கொள்வான்? மூளை இறந்த நேரமா, இதயம் நின்ற நேரமா?”

சிறிய சந்தேகம் என்று அவர் சொன்னாலும், பல வீடுகளில் சம்மதத்தைத் தடுத்து நிறுத்துவது இதுபோன்ற கேள்விகள்தாம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, “வேண்டாம், எங்களுக்கு இஷ்டமில்லை” என்று முடித்துவிடுகிறார்கள். அம்மையார் இதற்கு நேரடியாக விடை சொல்லாமல், மூளைச்சாவை எப்படி உறுதி செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார்.

மூளைத்தண்டு என்பது தலையின் அடிப்பகுதியில், முதுகுத்தண்டு தொடங்கும் இடத்திற்குச் சற்று மேலே உள்ளது. மூச்சு விடவேண்டும் என்ற கட்டளை அங்கிருந்துதான் பிறக்கிறது. பெருத்த இரத்தக்கசிவாலோ தலைக்காயத்தாலோ மூளை வீங்கி, அங்கே இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் அந்தப் பகுதி அழிந்துபோகிறது. அது மீண்டும் உயிர்ப்பதில்லை. ஆனால் இதயத்திற்குத் தானே துடிக்கும் இயல்பு உண்டு. செயற்கைச் சுவாசக் கருவி பிராணவாயுவைச் செலுத்திக்கொண்டிருக்கும்வரை அது சில மணி நேரமோ சில நாட்களோ துடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் உடல் சூடாக இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது. பார்ப்பவர் மனம் இறப்பை ஏற்க மறுக்கிறது.

“கோமா என்பதும் இதுவும் ஒன்றா?” என்று ஒரு மூதாட்டி கேட்டார். ஒன்றல்ல என்று அம்மையார் விளக்கினார். கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டு உயிரோடு இருக்கிறது. கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை சுருங்கலாம். தொண்டைக்குழாயை அசைத்தால் இருமல் வரலாம். பலர் தாமாகவே மூச்சும் விடுவார்கள். மூளைச்சாவில் இவற்றில் ஒன்றும் இராது. சோதனையைத் தொடங்கும் முன்பே, மயக்க மருந்தின் விளைவோ உடல் குளிர்ந்துபோனதோ இந்த நிலைக்குக் காரணமில்லை என்பதை மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும். பிறகு கண்ணில் ஒளி பாய்ச்சுகிறார்கள். விழியைப் பஞ்சால் தொடுகிறார்கள். காதில் குளிர்ந்த நீரைச் செலுத்துகிறார்கள். கடைசியாகத்தான் மூச்சுச் சோதனை. பிராணவாயு கிடைக்கும்படி செய்துவிட்டு, கருவியை நிறுத்தி, எட்டுப் பத்து நிமிடங்கள் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு ஏறஏற, உயிருள்ள மூளைத்தண்டு சும்மா இருக்காது. ஒரு மூச்சையாவது இழுத்துவிடும். இரத்தத்தைச் சோதித்து, வாயு போதிய அளவு ஏறியும் மார்பு அசையவில்லை என்று கண்டால்தான் முதல் சோதனை முடிகிறது.

அதோடு விட்டுவிடுவதில்லை. குறைந்தது 6 மணி நேரம் கழித்து இதே சோதனைகள் அனைத்தையும் மறுபடி செய்ய வேண்டும் என்பது சட்டம். நான்கு மருத்துவர்கள் படிவம் 10-இல் கையொப்பமிட வேண்டும். மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு வல்லுநர், நரம்பியல் மருத்துவர் ஒருவர், நோயாளிக்குச் சிகிச்சை அளித்தவர் ஆகியோரே அந்நால்வர். உறுப்பை எடுப்பவரோ பொருத்துபவரோ இந்நால்வரில் இருக்கக்கூடாது. “உறுப்புக்காக அவசரப்பட்டுச் சாவு என்று சொல்லிவிடுவார்களோ” என்ற அச்சம் இயல்பானதுதான் என்றும், அந்த அச்சத்தை மனத்தில் வைத்தே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த விலக்கு எழுதப்பட்டிருக்கிறது என்றும் அம்மையார் சொன்னார்.

அதன் பின்னர் ஒரு குடும்பத்தின் கதையை, பெயரும் ஊரும் சொல்லாமல் விவரித்தார்.

காவிரிக் கரைக் கிராமத்தைச் சேர்ந்த 62 வயதுக்காரர் அவர். இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காக உண்ணாதவர். திங்கட்கிழமை இரவு கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார். மூளையில் பெருத்த இரத்தக்கசிவு. செவ்வாய் முழுதும் சிகிச்சை அளித்தும் பயனில்லை. புதன்கிழமை காலை 9.40 மணிக்கு முதல் சோதனை முடிந்தது. குடும்பத்தாரிடம் மருத்துவர்தாம் நிலைமையைச் சொன்னார். அம்மையார் அப்போது அருகில் செல்லவில்லை. இறப்புச் செய்தியைச் சொல்பவரும் தானம் கேட்பவரும் ஒருவராக இருந்தால், இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும் என்பது இவர் கடைப்பிடிக்கும் விதி.

நண்பகலில் ஒரு குழப்பம் நேர்ந்தது. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த இளைய மகன், விரல்கள் அசைந்ததைக் கண்டு, “அப்பா உயிரோடு இருக்கிறார்!” என்று அலறினான். வெளியே இருந்த உறவினர் அனைவரும் உள்ளே ஓடிவந்தனர். முதுகுத்தண்டு மட்டும் தன்னளவில் எழுப்பும் அசைவு அது. உள்ளங்காலைத் தட்டினால் கால் தானாக உதறுவதைப் போன்றது. மூளைக்கு அதில் பங்கில்லை. ஆனால் இதை அந்த நேரத்தில் வாயால் சொன்னால் யார் நம்புவார்? எனவே மாலையில் இரண்டாம் சோதனையின்போது மூத்த மகனையும் தாய்மாமனையும் படுக்கையருகே நிற்க அனுமதித்தார்கள். கருவி நிறுத்தப்பட்ட அந்தப் பத்து நிமிடங்களும் இருவரும் அந்த மார்பையே பார்த்துக்கொண்டு நின்றனர். மார்பு அசையவில்லை. மாலை 4.10 மணிக்கு இறப்பு உறுதி செய்யப்பட்டது.

அதன் பிறகே அம்மையார் அவர்களைத் தனி அறையில் சந்தித்தார். அப்போது மனைவி ஒரு செய்தியைச் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கணவர் உறுப்பு தான அட்டையில் கையொப்பமிட்டு, ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறார் என்று. மகன்கள் இருவருக்கும் அது தெரியாது. “எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே” என்று மூத்தவன் அழுதான். தந்தையின் மரணத்தோடு இந்த வருத்தமும் அவனுக்குச் சேர்ந்துகொண்டது. வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் செய்துவிட்டு, அந்த வாரிசிடமே சொல்லாமல் பலர் மறைந்துவிடுகிறார்கள். பணமாவது பின்னர் வந்து சேரும். உறுப்புக்கு அப்படித் தவணை கிடையாது. எடுத்த இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்குள் இன்னொருவர் மார்பில் துடிக்கத் தொடங்க வேண்டும். கல்லீரலுக்கு ஏறத்தாழ அரைநாள். சிறுநீரகம் ஒருநாள் வரை தாங்கும்.

எழுத்துமூல உறுதிமொழிக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. ஆயினும் நடைமுறையில், நெருங்கிய உறவினர் படிவம் 8-இல் ஒப்புதல் தராமல் எந்த மருத்துவமனையும் உறுப்பை எடுப்பதில்லை. அந்த மனிதரின் அட்டை இருந்தும், முடிவு அந்தச் சிறிய அறையில் இருந்த ஐந்து பேரின் கையில்தான் இருந்தது. மனைவி சம்மதித்தார். மகன்களும் தலையசைத்தனர். ஆனால் இறந்தவரின் தமக்கை, மகன்களின் அத்தை, “கண்ணை மட்டும் எடுக்காதீர்கள். என் தம்பி எனக்கு முகம் தெரியாமல் போகக்கூடாது. அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறந்துவிட்டால்?” என்று கேட்டுக் கலங்கினார்.

இந்த இடத்தில் அம்மையார் என்ன சொன்னார் என்பதுதான் கூட்டத்தில் இருந்தோர் அனைவரும் கூர்ந்து கேட்டது. அத்தையோடு அவர் வாதாடவில்லை. கருவிழியை எடுத்தாலும் இமை மூடியிருக்கும், முகம் மாறாது என்ற ஓர் உண்மையை மட்டும் சொன்னார். அத்தையின் மனம் அதற்கும் ஒப்பவில்லை. உடனே படிவத்தில் கண்களுக்கு எதிரே இருந்த இடத்தைக் கோடிட்டு அடித்தார். எந்த உறுப்பைத் தருவது, எதைத் தராதிருப்பது என்று குடும்பத்தார் தேர்ந்துகொள்ள அந்தப் படிவத்தில் இடமுண்டு. இரு சிறுநீரகங்களும் கல்லீரலும் தருவது என்று முடிவாயிற்று. “முழுவதும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால், அந்த அத்தை வாழ்நாள் முழுதும் தன் தம்பி மகன்களோடு பேசியிருக்க மாட்டார்” என்றார் அம்மையார்.

அறுவை அரங்கிற்குக் கொண்டுசெல்லும் முன் குடும்பத்தாருக்கு அரைமணி நேரம் தரப்பட்டது. சுவாசக் குழாய் இருப்பதால் வாயில் நீர் ஊற்ற இயலாது. உதட்டில் மட்டும் ஒரு துளி கங்கை நீர் தொட்டு வைத்தார்கள். மார்பின் மீது துளசி வைத்தார்கள். மூத்த மகன் காதருகே குனிந்து நாமம் சொன்னான். மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலின்படி உறுப்புகள் ஒதுக்கப்பட்டு, அந்தந்தக் குழுவினர் வந்து சேர இரவு 11 மணி ஆயிற்று. இதயம் நின்ற நேரம் பின்னிரவு 1.20 என அரங்கின் குறிப்பேட்டில் பதிவாயிற்று. அதிகாலை 5 மணிக்கு உடல் ஒப்படைக்கப்பட்டது.

இங்கேதான் முன்வரிசைப் பெரியவரின் கேள்விக்கு அம்மையார் திரும்பினார். மாலை 4.10-க்கு அன்று தசமி. இரவில் திதி மாறிவிட்டது; 1.20-க்கு ஏகாதசி. சட்டப்படி இறப்பு நேரம், இரண்டாம் சோதனை முடிந்து இறப்பு உறுதியான நேரம்தான். சான்றிதழிலும் அதுவே இருக்கும். ஆனால் திதியை நிர்ணயிப்பது மருத்துவமனையின் வேலையில்லை. இரண்டு நேரங்களையும் ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, மூத்த மகனிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் வீட்டுச் சாஸ்திரிகள் முதல் நேரத்தை ஏற்றுத் தசமி என்றார். வேறொரு குடும்பத்தில், மூச்சுக்காற்று முற்றும் அடங்கிய நேரமே கணக்கு என்று சொல்லி இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். “இரண்டு வீட்டிலும் திவசம் குறைவின்றி நடக்கிறது, ஐயா. உங்கள் வாத்தியாரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கேட்பது கடினம்” என்றார். பெரியவர் தம் சட்டைப் பையிலிருந்த சிறு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அடுத்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஈமக்கடன் பற்றியவை. உடலைக் குளிப்பாட்ட முடியுமா? முடியும். கழுத்தின் கீழிருந்து வயிறு வரை ஒரே நேரான தையல். அதை மூடிக் கட்டிக் கொடுப்பார்கள். வேட்டியோ புடவையோ உடுத்தினால் வெளியே தெரியாது. அஸ்தி சேகரிக்க எலும்பு குறைந்துவிடுமா? எலும்பைத் தருவதாகத் தனியே சம்மதித்தாலன்றி எடுப்பதில்லை. விபத்தில் இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை எப்படியும் உண்டு. தானம் செய்யாவிட்டாலும் கத்தி படாமல் உடல் வீடு வராது. தகனம் தாமதமாகுமா? ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார் அம்மையார். சம்மதம் தந்ததிலிருந்து பாதி நாளோ அதற்கு மேலோ ஆகலாம். சூரியன் மறையுமுன் எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். சம்மதம் தந்த பின்னர் உறுப்புகளைப் பாதுகாக்க ஆகும் செலவு குடும்பத்தாரைச் சேராது. உறுப்புக்குப் பணம் தருவதும் பெறுவதும் குற்றம்.

தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. சில குடும்பங்கள் அதைப் பெருமையாக ஏற்கின்றன; சிலர், “அமைதியாக எடுத்துச் செல்கிறோம்” என்கிறார்கள்.

சம்மதிக்காத குடும்பங்களைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அவர்களை மறுமுறை வற்புறுத்துவதில்லை என்றார் அம்மையார். வணக்கம் சொல்லி, காகித வேலைகளை முடித்து, அமரர் ஊர்தி ஏற்பாடு செய்து அனுப்பிவைப்பதும் இதே பணியில் அடக்கம்.

இறுதியாக, எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர், “என் போன்றோரிடம் எடுக்க என்ன இருக்கிறது?” என்று சிரித்தபடி கேட்டார். அரங்கமும் சிரித்தது. ஆனால் கூட்டத்திலேயே பெரும்பாலோருக்குப் பொருந்தும் விடை அதற்குத்தான் கிடைத்தது. மூளைச்சாவு மிக அரிது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே நிகழக்கூடியது. வீட்டில் இயல்பாக இறப்பவர் இதயத்தையோ சிறுநீரகத்தையோ தர இயலாது. கண்ணைத் தரலாம். கண்ணாடி அணிபவர், புரை நீக்கிக்கொண்டவர், நீரிழிவு உடையவர் யாவரும் தரலாம், வயது தடையில்லை. வெறிநாய்க்கடி நோய், எய்ட்ஸ், மஞ்சள்காமாலை வைரஸ், இரத்தத்தில் பரவிய நச்சுத்தொற்று போன்றவற்றால் இறந்தவர் மட்டும் விலக்கு. உயிர் பிரிந்து 6 மணி நேரத்திற்குள் கண் வங்கியார் வந்து சேர வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். அவர்கள் வீட்டுக்கே வருவார்கள். அரைமணி நேரத்தில் வேலை முடியும்.

கூட்டம் முடிந்தபோது மேசை மீதிருந்த படிவங்களில் பல குறைந்திருந்தன. எவரும் நிரப்பித் தரவில்லை. மடித்து வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அம்மையார் விரும்பியதும் அதுவே. அந்தப் படிவத்தில் இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும்; ஒருவர் நெருங்கிய உறவினராக இருப்பது கட்டாயம். கணவன், மனைவி, மக்கள், உடன்பிறந்தோரோடு, 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பேரன் பேத்தியரும் அந்த வரிசையில் வருகிறார்கள். notto.abdm.gov.in என்ற இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டும் பதிவு செய்யலாம். பின்னர் மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் தடையில்லை. திதி கேட்ட பெரியவர் இரண்டு படிவங்கள் எடுத்துக்கொண்டார். ஒன்று தமக்கு, மற்றது, “அவளிடம் கேட்டுவிட்டுத்தான்” என்றார், வாசலில் செருப்பைத் தேடியபடி.